எட்டாவதில் ஓடிய பெண் ஒன்பதாவதில் ஏன் மைதானத்துக்கு வருவதில்லை? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். தடகளமும் வாலிபாலும் என் பொறுப்பு. ஏழாம் வகுப்பில் பதினோரு பெண்கள் பயிற்சிக்கு வந்தால், அதே பிள்ளைகள் பத்தாவது வரும்போது மூன்று நான்கு பேர்தான் மிஞ்சுவார்கள். பையன்கள் பக்கம் இவ்வளவு வேகமாகக் கரைவதில்லை. நம் ஊரில் மட்டும் நடப்பதும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி 11 முதல் 17 வயதுப் பெண்களில் 85 சதவீதம் பேருக்குத் தேவையான அளவு உடலுழைப்பு இல்லை. பையன்களில் அது 78 சதவீதம். பெற்றோரும் சக ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

"நல்லாத்தான் ஓடிட்டு இருந்தா டீச்சர். திடீர்னு வேண்டாங்கிறா. என்ன ஆச்சுன்னே தெரியல."

திடீர் என்பது வீட்டுக்குத்தான். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே எழுதியிருக்கும்.

என்னிடம் 400 மீட்டர் ஓடிய ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். எட்டாவது படிக்கும்போது 68 விநாடியில் ஓடினாள். பள்ளி அளவில் அந்த வயதுக்கு நல்ல நேரம். ஒன்பதாவது தொடங்கி இரண்டு மாதத்தில் 71-ஐத் தாண்டிவிட்டது. முதலில் பயிற்சிக்குத் தாமதமாக வர ஆரம்பித்தாள், வார்ம்-அப் முடிந்த பிறகு. அப்புறம் சித்திரை வெயிலிலும் ஜாக்கெட்டைக் கழற்றாமல் ஓடினாள். மாதத்தில் நாலைந்து நாள் வயிற்றுவலி. கடைசியாக, "அம்மா படிக்கச் சொல்றாங்க டீச்சர்" என்று ஒரு வரி. அத்தோடு நின்றுவிட்டாள்.

அந்தக் கடைசி வரியை நம்பி அம்மாவிடம் சண்டைக்குப் போயிருப்பேன். நல்லவேளை, போகவில்லை. அம்மா படிக்கச் சொன்னது உண்மைதான், ஆனால் அது காரணம் இல்லை. சொல்லக்கூடிய காரணம், அவ்வளவுதான். குதிக்கும்போது மார்பு அசைவதைப் பையன்கள் பார்த்துச் சிரித்தார்கள் என்பதும், மைதானத்தை ஒட்டிய கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதும், தன்னைவிட மெதுவாக ஓடியவள் தன்னை முந்திவிட்டாள் என்பதும் சொல்ல முடியாத காரணங்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதில்லை. ஒரே ஆறு மாதத்தில் மொத்தமாக வந்து விழுவதுதான் சிக்கல்.

அதனால் "ஏன் நின்னுட்ட?" என்று கேட்பதில்லை. "கிரவுண்டுல எந்த நேரம் உனக்குப் பிடிக்கவே பிடிக்காது?" என்று கேட்கிறேன். பதில் வந்துவிடுகிறது. இவள், "ஸ்கிப்பிங் டீச்சர்" என்றாள்.

"ஆறு மாசமா டைம் ஏறிக்கிட்டே போகுது. சோம்பேறித்தனம்னுதான் தோணுது. நான் சொல்றது சரிதானே?" (ஒரு பயிற்சியாளர்)

இல்லை சார். அவள் உயரத்தை அளந்து பாருங்கள்.

பெண்கள் மிக வேகமாக உயரும் காலம் சராசரியாக 12 வயதை ஒட்டி வருகிறது, பையன்களுக்கு அது 14-ஐ ஒட்டி. அந்த உச்சம் தாண்டிய ஓராண்டு வாக்கில்தான் பெரும்பாலும் முதல் மாதவிடாய். நான் சொன்ன பிள்ளை ஓராண்டில் 148 செ.மீ.-இலிருந்து 155-க்குப் போயிருந்தாள், எடை ஆறு கிலோ கூடியிருந்தது. இடுப்பு அகன்று, கொழுப்பு இயல்பாகவே சேரும் பருவம் இது. பையனுக்கு இதே காலத்தில் தசை தானாக ஏறும், அதனால் அவனுக்கு நேரம் தானாகக் குறையும். பெண்ணுக்கு உடம்பு கூடுகிற அளவுக்குப் பலம் தானாகக் கூடாது; அதைப் பயிற்சியில்தான் கொண்டுவர வேண்டும். நாமோ இருவரையும் ஒரே ஸ்டாப்வாட்ச்சால் அளந்து, "அவனைப் பாரு, எப்படி முன்னேறியிருக்கான்" என்று சொல்லிவிடுகிறோம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் பென்சில் கோடு போட்டு உயரத்தைக் குறித்து வையுங்கள். கோடு சட்டென்று ஏறுகிற காலத்தில் நேரத்தை வைத்து அவளை எடை போடாதீர்கள். ஓடும் தூரத்தைக் கூட்டாமல், வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து எழுந்திருத்தல், ஒற்றைக்கால் பயிற்சி, சுவரில் சாய்ந்து தள்ளுதல் போன்ற பலப் பயிற்சி கொடுங்கள். குதித்து இறங்கும்போது முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்கின்றனவா என்று முன்னால் நின்று பாருங்கள். வாலிபால், கபடி ஆடும் பெண்களுக்கு முழங்கால் தசைநார் கிழிவது பையன்களைவிடக் கூடுதல். அது தொடங்குவது பெரும்பாலும் இந்தச் சாய்விலிருந்துதான். இடுப்பை மடக்கி, சத்தமில்லாமல் இறங்கக் கற்றுக்கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று முக்கியம். இப்படி நடக்கும் என்பதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "ஒரு வருஷம் நேரம் குறையாது, ஏறக்கூடச் செய்யும், அப்புறம் இறங்கும்." இதை யாரும் சொல்லாததால்தான் தனக்குத் திறமை தீர்ந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

"பீரியட்ஸ் சமயத்துல பிராக்டிஸுக்கு அனுப்பலாமா?"

அனுப்பலாம். ஓடினால் கர்ப்பப்பைக்கு எதுவும் ஆகாது. லேசான உடற்பயிற்சி பலருக்கு வலியைக் குறைக்கவும் செய்கிறது. வலி அதிகமாக உள்ள முதல் நாளில் குறைவாகச் செய்யட்டும், அல்லது உட்கார்ந்து நேரம் குறிக்கட்டும். மைதானத்துக்கு வரும் பழக்கம் விட்டுப்போகாமல் இருந்தால் போதும். ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, வலியால் மாதாமாதம் பள்ளிக்கே போக முடியாமல் போனாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். "கல்யாணமானா சரியாயிடும்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

உண்மையில் பிள்ளைகளை நிறுத்துவது ரத்தப்போக்கைவிடக் கறை பற்றிய பயம்தான். விம்பிள்டனில் வெள்ளைப் பாவாடைக்கு உள்ளே அடர்நிற ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ள 2023-இல்தான் அனுமதி வந்தது. இங்கிலாந்து பெண்கள் கால்பந்து அணி வெள்ளை ஷார்ட்ஸை விட்டு நீலத்துக்கு மாறியதும் அதே ஆண்டுதான். உலகத்தின் உச்சியில் ஆடுகிறவர்களுக்கே இந்தப் பயம் இருந்திருக்கிறது என்றால், பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு வெள்ளை யூனிஃபார்ம் கொடுத்துவிட்டு "கவனமாக விளையாடு" என்பதில் என்ன நியாயம்? எங்கள் பள்ளிக்கு ஸ்பான்சர் ஒருவர் கொடுத்த வெள்ளை ஷார்ட்ஸைப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டு, பெண்களுக்குக் கருநீலம் வாங்கினேன். செலவு பெரிதாக இல்லை, பேச்சுதான் கொஞ்சம் கேட்க வேண்டியிருந்தது.

என் அறையில் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. நாப்கின், பழைய செய்தித்தாள், இரண்டு கறுப்பு ட்ராக் பேன்ட், ஒரு சோப்பு. யாரும் கேட்டு எடுக்க வேண்டியதில்லை, திரும்பச் சொல்லவும் வேண்டாம். குறைந்தால் நான் நிரப்புவேன். வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது டின்னும் வரும். வேன் எங்கே நிற்கும், அங்கே கழிப்பறை எப்படி இருக்கும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவேன். இது தெரியாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்து, 800 மீட்டரில் மயங்கி விழுந்தவளைப் பார்த்திருக்கிறேன்.

"நான் ஆம்பள மாஸ்டர். இதையெல்லாம் பொண்ணுங்ககிட்ட எப்படிப் பேசறது?"

பெரும்பாலும் பேசவே வேண்டாம், ஏற்பாடு செய்தால் போதும். பெட்டி எங்கே இருக்கிறது என்று ஒரு ஆசிரியையோ மூத்த மாணவியோ சொல்லட்டும். "இன்னைக்கு முடியலைன்னா கையை இப்படிக் காட்டு, காரணம் கேட்க மாட்டேன்" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும், பையன்களையும் சேர்த்து, ஒரு விதி வைத்துவிடுங்கள். பொய் சொல்லி நழுவுவார்களே என்றால், ஓரிருவர் நழுவட்டும். அந்த விதியால் தொடர்ந்து வருகிறவர்கள் அவர்களைவிட அதிகம்.

"ஸ்போர்ட்ஸ் பிரா எல்லாம் இந்த வயசுல தேவையா? சைஸ் எப்படிப் பாக்கறது?"

தேவை. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது, ஏறத்தாழ பாதிப் பேர் மார்பு காரணமாகவே தங்கள் விளையாட்டு பாதிக்கப்படுவதாகச் சொன்னார்கள். நம் ஊரில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வேறாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

விலையுயர்ந்ததாக இருக்க வேண்டாம், அளவு சரியாக இருக்க வேண்டும். தாங்குவது தோள்பட்டி அல்ல, மார்புக்குக் கீழே சுற்றி வரும் பட்டைதான். அங்கே இரண்டு விரல் நுழைய வேண்டும், முழுக் கையும் நுழைந்தால் தளர்வு. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். பட்டை மேலேறினால் அளவு பெரிது. அப்புறம் அறைக்குள்ளேயே பத்து முறை குதிக்கட்டும். வலிக்கவோ, கையால் பிடித்துக்கொள்ளத் தோன்றவோ கூடாது. அவ்வளவுதான் சோதனை. வளரும் பிள்ளை என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். "வளர்ந்துடுவா, பெரிசா வாங்கிக்கலாம்" என்பது பாவாடைக்குச் சரி, இதற்குச் சரிவராது.

வாங்க முடியாத நிலை என்றால், இறுக்கமான பருத்தி பெட்டிகோட்டின் மேல் சற்று இறுக்கமான டி-ஷர்ட் ஓரளவு தாங்கும். என் மாணவியின் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "இவ்ளோதானா டீச்சர்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே இவ" என்றார். அவள் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முன்னெல்லாம் அஞ்சு ரவுண்டு ஓடுவா. இப்ப ரெண்டுலயே மூச்சு வாங்குது, எப்பப் பாரு தூக்கம். சாப்பாடும் குறைச்சுட்டா."

இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

முதலில் ரத்தப் பரிசோதனை. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த வயதில் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்று கணக்கு. 400 மீட்டர் பிள்ளைக்கு 9.8 இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசம். பள்ளியில் வாரம் ஒருமுறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். பல பிள்ளைகள் அதை வாங்கி ஜன்னல் வழியே போட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் வயிறு புரட்டும், மலம் கறுப்பாகப் போகும், யாரும் முன்னால் சொல்லியிருக்க மாட்டார்கள். கறுப்பாகப் போவதில் ஆபத்து இல்லை. சாப்பிட்ட பிறகு போட்டால் புரட்டல் குறையும். டீ, காபி ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும். கொய்யாவோ நெல்லிக்காயோ கூடச் சாப்பிட்டால் சத்து நன்றாகச் சேரும். ஆனால் வந்துவிட்ட ரத்தசோகைக்கு வாரம் ஒரு மாத்திரை போதாது, மருத்துவர் தினசரி மாத்திரை எழுதுவார். உடம்பு தேற இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை தூரம் வேண்டாம், குறுகிய ஓட்டமும் பலப் பயிற்சியும் போதும்.

இரண்டாவது, சாப்பாடு ஏன் குறைந்தது என்பது. யாராவது எடையைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். மைதானத்தில் ஒரு மாஸ்டர், வீட்டில் ஒரு சித்தி, யாரோ. பயிற்சி செலவழிக்கிற அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால் உடம்பு முதலில் நிறுத்துவது மாதவிடாயை. மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால், அல்லது 15 வயது முடிந்தும் முதல் மாதவிடாய் வராவிட்டால், கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். "நல்லா டிரெய்னிங் பண்றா, அதான் வரல" என்று சில பயிற்சியாளர்கள் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எலும்பு பலம் சேர்க்க வேண்டிய வயதில் அது கரைவதற்கான அறிகுறி அது. பயிற்சிக்கு வருமுன் ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ, முடிந்தவுடன் கொண்டைக்கடலையோ முட்டையோ. அணியின் முன்னால் எடை பார்க்கும் வழக்கத்தை நான் விட்டுப் பல வருடம் ஆகிறது, யாருடைய நேரமும் அதனால் கெடவில்லை.

"பத்தாவது வந்துட்டா. ஒரு வருஷம் நிறுத்திட்டு பதினொண்ணுல சேர்த்துக்கலாம்ல?"

சேர்ப்பதாகச் சொல்லி நிறுத்தியவர்களில் திரும்பி வந்தவர்களை என்னால் விரல் விட்டு எண்ணிவிட முடியும். ஒரு வருடத்தில் உடம்பு மாறியிருக்கும், கூட ஓடியவர்கள் போயிருப்பார்கள், புதிதாக வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை இவளை முந்துவாள். அந்த முதல் நாள் அவமானத்துக்குப் பயந்தே வர மாட்டாள்.

நிறுத்தாதீர்கள், குறையுங்கள். வாரம் ஆறு நாள் வந்தவள் இரண்டு நாள் வரட்டும். வேகத்தைக் குறைக்காமல் நாட்களை மட்டும் குறைத்தால், சேர்த்த திறனைச் சில மாதம் இரண்டே நாளில் காப்பாற்றிவிடலாம். ஸ்பெஷல் கிளாஸ் மாலையில் என்பதால் செவ்வாய், வெள்ளி காலை 6.15 முதல் 7 மணி வரை வைத்தேன். தேர்வுக்கு முந்தைய மாதம் சனிக்கிழமை மட்டும். பொதுத்தேர்வு முடிந்த மறுவாரம் திரும்ப நான்கு நாள். இந்தக் கால அட்டவணையை ஜூன் மாதமே எழுதி வகுப்பு ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். ஜனவரியில் போய்ப் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

விளையாட்டு இட ஒதுக்கீட்டைக் காட்டி ஆசைப்படுத்தலாமே என்பார்கள். தமிழ்நாட்டில் அரசு வேலையில் 3 சதவீதம் இருக்கிறது, பொறியியல் கலந்தாய்விலும் இடங்கள் உண்டு, உண்மைதான். ஆனால் அவை எட்டுவது மாநில, தேசிய அளவில் ஜெயிக்கிறவர்களுக்கு. என்னிடம் வரும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது கிடைக்காது. அதைச் சொல்லிச் சேர்த்தால், மண்டலப் போட்டியில் தோற்ற அன்றே வீட்டில் நிறுத்திவிடுவார்கள்.

"பிராக்டிஸ் முடியறப்ப இருட்டிடுது. வயசுக்கு வந்த பொண்ணை எப்படி அனுப்பறது? போதாததுக்கு ஷார்ட்ஸ் வேற."

உங்கள் பயம் நியாயமானது. அதைப் பத்தாம்பசலித்தனம் என்று சொல்லும் பயிற்சியாளர் பிள்ளையை இழந்துவிடுவார். நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை, காசு பிரச்சினை இல்லை. ஏழு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எட்டே முக்காலுக்கு என்பதுதான் பிரச்சினை. நான் பெண்களின் பயிற்சியை 5.45-க்கு முடிக்கிறேன். ஒரே பக்கம் போகிற மூன்று பேரை ஒரு குழுவாகச் சேர்த்து, ஏறியதும் ஒருவர் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுகிறார். மைதானத்தில் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் இளைஞர்களை எழுப்பி அனுப்புவது பயிற்சியாளரின் வேலை, பிள்ளையின் வேலை அல்ல.

உடைக்கு வருவோம். முழங்காலுக்குக் கீழ் வரும் டைட்ஸின் மேல் ஷார்ட்ஸ், நீளமான டி-ஷர்ட். வேகம் ஒன்றும் குறையாது. எது போடுவது என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். தாத்தா பாட்டி சம்மதிக்காத வீடுகளில், ஒருநாள் அவர்களைப் போட்டிக்கு அழைத்து வரச் சொல்வேன். வந்து பார்த்தவர்கள் அப்புறம் உடையைப் பற்றிப் பேசியதில்லை, நடுவரைத்தான் திட்டியிருக்கிறார்கள்.

"மாஸ்டர் தொடுற விதம், பேசுற விதம் பிடிக்கலைன்னு சொல்றா. கண்டிப்பான ஆளுன்னு நினைச்சு விட்டுடலாமா?"

விடக்கூடாது. கண்டிப்பு என்பது நேரம் தவறினால் கூடுதலாக ஒரு ரவுண்டு ஓட வைப்பது. தனியாக அறைக்கு வரச் சொல்வது, இரவில் மெசேஜ் அனுப்புவது, திருத்துவதாகச் சொல்லிக் கேட்காமல் தொடுவது கண்டிப்பு அல்ல. அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பள்ளி பேசித் தீர்த்துக்கொள்ளும் விஷயம் அல்ல. அவளிடம் "நீ இனிமே போகாதே" என்று மட்டும் சொல்லி முடித்தால், தண்டனை அவளுக்குத்தான் போகிறது. வேறு மைதானத்தையோ வேறு பயிற்சியாளரையோ அதே வாரம் தேடுங்கள்.

"நின்னு மூணு மாசம் ஆச்சு. திரும்பக் கூப்பிட்டா வருவாளா?"

பயிற்சியாளர் கூப்பிட்டால் வருவது அரிது, தோழி கூப்பிட்டால் வருவாள். 400 மீட்டர் பிள்ளையைத் தேடி நான் போகவில்லை. ரிலேயில் அவளுக்கு பேட்டன் கொடுத்தவளை அனுப்பினேன். "ஓட வேண்டாம், ஜூனியர்களுக்கு டைம் எடுக்க ஆள் இல்ல, வா" என்று சொல்லச் சொன்னேன்.

முதல் இரண்டு வாரம் அவள் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றாள். மூன்றாவது வாரம் தானே வார்ம்-அப்பில் சேர்ந்தாள். ஸ்கிப்பிங்கைப் பெண்களுக்குக் கட்டடத்தின் பின்பக்கம் மாற்றியிருந்தேன், கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் போட்டாயிற்று. முதல் மாதம் முழுக்க அவள் நேரத்தை நான் குறிக்கவில்லை, பழைய 68-ஐ யாரும் பேசக் கூடாது என்று அணியிடம் சொல்லியிருந்தேன். மாத்திரை தொடங்கிய மூன்றாவது மாதம் ஹீமோகுளோபின் 11.9 வந்தது. அதற்கடுத்த வாரம் அவளே வந்து, "ஒரு தடவை டைம் பாருங்க டீச்சர்" என்றாள். 70.4. உதட்டைப் பிதுக்கிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, ஜாக்கெட்டைத் தேடிப் பார்த்தாள். அன்று எடுத்து வர மறந்திருந்தாள்.